புறாக்கூடு தத்துவம்: டப்பாவ தப்பா எடுத்தா எங்கெல்லாம் மாட்டுவோம்

போன வாரம் அக்கா பையன் நோட்ட தூக்கிட்டு வந்து "மாமா, இந்த கேள்வியே தப்பு"ன்னான். கேள்வி இதான். ஒரு ஃபங்ஷன்ல 6 பேர் இருக்காங்க, சில பேர் சில பேரோட கை குலுக்குறாங்க, எல்லாரும் எல்லாரோடயும் குலுக்கணும்னு இல்ல, ஆனா ஒரே ஜோடி ரெண்டு தடவ குலுக்காது. எப்படி குலுக்கினாலும் சரி, ஒரே எண்ணிக்கைல கை குலுக்கின ரெண்டு பேராவது அந்த 6 பேர்ல இருப்பாங்கன்னு நிரூபிக்கணும்.

புறாக்கூடு தத்துவம் என்ன சொல்லுதுன்னு அவனுக்கு நல்லா தெரியும். கூட்ட விட புறா அதிகமா இருந்தா ஏதோ ஒரு கூட்டுல ரெண்டு புறாவாவது இருந்தே ஆகணும், அவ்ளோதான். கூட்டுக்கு பதிலா இங்க டப்பான்னு சொல்றேன். அதனால அவன் என்ன பண்ணிருக்கான்னா, ஒருத்தர் குலுக்கின எண்ணிக்கை 0, 1, 2, 3, 4, 5 இதுல ஏதாவது ஒண்ணா தான் இருக்க முடியும், ஆக டப்பா 6, ஆளும் 6, ஆளுக்கு ஒரு டப்பான்னு சமமா போயிடும், அதனால கேள்வி தப்புன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டு வெச்சிருக்கான்.

எண்ணினது சரி தான், ஆனா 6 டப்பாவும் ஒரே நேரத்துல நிரம்ப முடியுமான்னு அவன் பாக்கல. 5ன்னு எழுதின டப்பால ஒருத்தர் இருக்கார்னு வைங்க, அவர் மத்த 5 பேரோடயும் கை குலுக்கிட்டார், அப்போ அந்த ரூம்ல 0 எண்ணிக்கைல யாரும் இருக்கவே முடியாது, ஏன்னா இவர் எல்லார் கையையும் பிடிச்சாச்சு. அதே மாதிரி 0 டப்பால ஒருத்தர் உக்காந்திருந்தா 5க்கு யாரும் போக முடியாது. ஆக ரெண்டுல ஒண்ணு எப்பவும் காலி. நிஜமா ஆள் போற டப்பா அதிகபட்சம் 5, ஆள் 6, முடிஞ்சது.

இத சொன்ன உடனே பையன் "அப்போ 0வ அடிச்சிடலாம்"னு டக்குனு சொன்னான், அது அடுத்த தப்பு. 0 நடக்கவே முடியாததுன்னு யாரும் சொல்லல, ஓரமா உக்காந்து போன் பாத்துட்டு இருக்கிற ஆள் எல்லா ஃபங்ஷன்லயும் உண்டு. 5ம் நடக்கலாம். ரெண்டும் சேர்ந்து தான் நடக்காது. அதனால எழுதும்போது ஒண்ணு கேஸ் பிரிச்சு எழுதணும் (0 எண்ணிக்கைல ஒரு ஆள் இருந்தா டப்பா 0ல இருந்து 4 வரை, இல்லன்னா 1ல இருந்து 5 வரை, ரெண்டுலயும் 5 டப்பா தான்), இல்லன்னா "0 அல்லது 5"ன்னு ரெண்டையும் ஒரே டப்பாவா ஒட்டிடணும். எனக்கு ஒட்டுறது தான் பிடிக்கும், ஆனா அதுல ஒரு வரி சேர்த்து எழுதலன்னா மார்க் போகும். ஒட்டின டப்பால ரெண்டு பேர் விழுந்தா ஒருத்தர் 0 இன்னொருத்தர் 5ன்னு இருக்கலாமேன்னு திருத்துறவர் கேப்பார். இருக்க முடியாது, இப்ப தான பாத்தோம், ஸோ ரெண்டு பேரும் 0 இல்லன்னா ரெண்டு பேரும் 5. டப்பாவ எப்ப செஞ்சாலும் "ஒரே டப்பால ரெண்டு பேர் விழுந்துட்டா எனக்கு வேண்டியது கிடைச்சிடுதா?"ன்னு ஒரு தடவ கேட்டுப் பாக்கணும், ஏன்னா டப்பா எண்ணிக்கைய குறைக்கிற ஆர்வத்துல நம்ம ஆளுங்க சம்பந்தமில்லாத ரெண்ட ஒட்டிடுவாங்க.

இன்னொண்ணு, இந்த நிரூபணம் முழுக்க கை குலுக்குறதுங்கறது ரெண்டு பக்கமும் நடக்கிற விஷயம்ங்கறதுல தான் நிக்குது. அதே 6 பேர், இப்போ கை குலுக்கறதுக்கு பதிலா இன்ஸ்டால ஃபாலோ பண்றாங்கன்னு வைங்க. ஒரே எண்ணிக்கைல ஆட்கள ஃபாலோ பண்ற ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்களா? இருக்கணும்னு இல்ல. முதல் ஆள் யாரையும் ஃபாலோ பண்ணல, ரெண்டாவது ஆள் முதல் ஆள மட்டும், மூணாவது ஆள் முன்னாடி ரெண்டு பேர, இப்படியே போய் ஆறாவது ஆள் 5 பேரையும் ஃபாலோ பண்றார். 0, 1, 2, 3, 4, 5, எல்லாம் வேற வேற. 6 டப்பாவும் நிரம்பிடுச்சு! ஆறாவது ஆள் முதல் ஆள ஃபாலோ பண்ணாலும் முதல் ஆள் திருப்பி பண்ணணும்னு கட்டாயம் இல்லையே, அந்த இடத்துல நிரூபணம் உடையுது. கேள்வில "தெரியும்"னு வந்தா அதனால தான் ரெண்டு பேருக்கும் பரஸ்பரம் தெரியுமான்னு மொதல்ல பாக்கணும், எனக்கு சூப்பர் ஸ்டார தெரியும், அவருக்கு என்ன தெரியாது.

இப்போ அதே 6 பேர வெச்சு வேற கேள்வி. எந்த 6 பேர எடுத்தாலும், ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச 3 பேர் இருப்பாங்க, இல்லன்னா ஒருத்தருக்கொருத்தர் தெரியாத 3 பேர் இருப்பாங்க. இதுக்கு நிறைய பேர் போடற டப்பா "தெரிஞ்சவங்க", "தெரியாதவங்க". ஆள் 6, டப்பா 2, ஸோ ஒரு டப்பால 3 பேர், நிரூபிச்சாச்சு! பாக்க அவ்ளோ அழகா இருக்கு, நம்பர் கூட சரியா வந்து உக்காருது, அதான் ஆபத்து. யாருக்கு தெரிஞ்சவங்க? தெரிஞ்சவர்ங்கறது ஒரு தனி ஆளோட குணம் இல்ல, உயரம், வயசு, பிறந்த மாசம் மாதிரி நெத்தில எழுதி ஒட்ட முடியாது, அது ஒரு ஜோடியோட விஷயம். தனி ஆள அந்த டப்பால போடவே முடியாது.

இந்த மாதிரி போலி நிரூபணத்த கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, நம்பர ஒண்ணு குறைச்சு பாருங்க. அதே வாதத்த 5 பேருக்கு போட்டா என்ன ஆகும்? 5 பேர், 2 டப்பா, அப்பவும் ஒண்ணுல 3 பேர் வந்துடுது. அப்போ 5 பேருக்கும் இது உண்மைன்னு ஆகணும், ஆனா உண்மை இல்ல. 5 பேர வட்ட மேசைல உக்கார வைங்க, ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர மட்டும் தான் தெரியும். எந்த 3 பேர எடுத்தாலும் அதுல ஒரு பக்கத்து சீட் ஜோடியும் இருக்கும், பக்கத்துல இல்லாத ஜோடியும் இருக்கும், வரைஞ்சு பாத்தா உடனே தெரியும். தப்பான விஷயத்தையும் சேர்த்து நிரூபிக்கிற வாதம் எதையும் நிரூபிக்கல.

சரியான டப்பாவுக்கு மொதல்ல ஒரு ஆள வெளிய இழுக்கணும். அந்த ஆள் நீங்கன்னே வெச்சுக்கோங்க. மிச்சம் 5 பேர், இப்போ டப்பா "உங்களுக்கு தெரிஞ்சவங்க", "உங்களுக்கு தெரியாதவங்க". இப்ப ஒவ்வொருத்தரும் எந்த டப்பான்னு குழப்பமே இல்ல. 5 பேர், 2 டப்பா, ஒண்ணுல குறைஞ்சது 3 பேர். இங்கயே "முடிஞ்சது"ன்னு எழுதிட்டு போறவங்களும் உண்டு, ஆனா அந்த 3 பேரையும் உங்களுக்கு தெரியும்ங்கறது தான் கிடைச்சிருக்கு, அவங்களுக்குள்ள தெரியுமான்னு இன்னும் யாரும் கேக்கல. கேளுங்க. அந்த மூணு பேர்ல எந்த ரெண்டு பேருக்காவது பரஸ்பரம் தெரிஞ்சா அவங்க ரெண்டு பேரும் நீங்களும் சேர்ந்து மூணு. யாருக்கும் யாரையும் தெரியலன்னா அந்த மூணு பேரே ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மூணு. 3 பேர் விழுந்தது தெரியாதவங்க டப்பான்னா இதையே தலைகீழா சொல்லிக்கலாம்.

1964ல மாஸ்கோல நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்ல இதே விஷயம் ஒரு படி பெருசா வந்துது. 17 பேர், எல்லாரும் எல்லாருக்கும் லெட்டர் எழுதுறாங்க, மொத்தம் 3 தலைப்பு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு தலைப்பு, ஒரே தலைப்புல தங்களுக்குள்ள எழுதிக்கிற 3 பேர் இருக்காங்கன்னு காட்டணும். ஒரு ஆள இழுங்க, மிச்ச 16 பேர அவரோட தலைப்பு வாரியா 3 டப்பால போடுங்க, ஒண்ணுல 6 பேர் வந்துடுவாங்க. அந்த 6 பேருக்குள்ள ஒரு ஜோடியாவது அதே தலைப்புல எழுதினா வேலை முடிஞ்சது, இல்லன்னா அவங்களுக்குள்ள மிச்சம் ரெண்டே தலைப்பு, மேல பாத்த 6 பேர் கேள்வி அப்படியே திரும்ப வந்துடுது.

இதுவரைக்கும் புறா ஆளுங்களா தான் இருந்தாங்க. கேள்வில ஆளுங்க வந்தா புறாவும் அவங்க தான்னு நினைக்கிறது இன்னொரு பழக்கம், அது எப்படி கவுக்கும்னு பாருங்க. ஒரு ரூம்ல 10 பேர், எல்லார் வயசும் முழு எண், 1ல இருந்து 60க்குள்ள. அதுல ரெண்டு குரூப் பிரிக்க முடியும்னு காட்டணும், ரெண்டு குரூப்லயும் பொதுவா யாரும் இருக்கக்கூடாது, ரெண்டோட வயசு கூட்டுத்தொகையும் சமமா இருக்கணும், எல்லாரையும் சேக்கணும்னு கட்டாயம் இல்ல. 10 பேர புறாவா எடுத்து 60 வயச டப்பாவா வெச்சா ஒண்ணுமே வராது. இங்க புறா ஆள் இல்ல, குரூப். 10 பேர்ல இருந்து 2^10 - 1 = 1023 குரூப் எடுக்கலாம். டப்பா கூட்டுத்தொகை, அது 1ல இருந்து 600க்கு மேல போகாது. 1023 புறா, 600 டப்பா, ஸோ ரெண்டு வேற வேற குரூப்புக்கு ஒரே கூட்டுத்தொகை.

ஆனா அந்த ரெண்டு குரூப்லயும் ஒரே ஆள் இருக்கலாமே? இருந்தா ரெண்டுல இருந்தும் அவர தூக்கிடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே வயசு தான் குறையும், சமம் அப்படியே நிக்கும். தூக்கின அப்புறம் ஒரு பக்கம் காலியா போயிட்டா? அப்போ இன்னொரு பக்கமும் 0 தான் வரணும், எல்லாருக்கும் வயசு குறைஞ்சது 1ங்கறதால அதுலயும் ஆள் இருக்க முடியாது, அப்படின்னா மொதல்ல எடுத்த ரெண்டும் ஒரே குரூப்னு ஆயிடும், அது நடக்காது. முதல் பிறந்தநாள் வராத கைக்குழந்தைய 0 வயசுன்னு உள்ள விட்டா இந்த இடம் தான் ஆட்டம் காணும்.

சரி, 9 பேர்னா? குரூப் 511, கூட்டுத்தொகை 540 வரைக்கும். டப்பா ஜாஸ்தி ஆயிடுச்சு, பையன் உடனே "அப்போ 9 பேருக்கு பொய்"னான். கை குலுக்குற கணக்குல பண்ணின அதே தப்பு! தோத்தது நம்ம டப்பா, கேள்வி இல்ல. 540ங்கறது 9 பேருக்கும் 60 வயசுன்னா தான் வரும், ஆனா ரெண்டு பேருக்கு ஒரே வயசு இருந்தாலே ஆளுக்கு ஒரு குரூப்னு வெச்சு கணக்கு முடிஞ்சுடுதே, ஸோ எல்லார் வயசும் வேற வேறன்னு எடுத்துக்கலாம். அப்போ அதிகபட்சம் 52ல இருந்து 60 வரைக்கும் கூட்டினா 504. புறா 511, டப்பா 504, ஜெயிச்சாச்சு, ஏழே ஏழு வித்தியாசத்துல.

8 பேருக்கு இந்த டப்பா பத்தாது, 255 குரூப்புக்கு 452 கூட்டுத்தொகை, அங்க வேற வழி தான் தேடணும். இவ்ளோ பேர் இருந்தா பொய்னு சொல்லணும்னா டப்பா எண்ணிக்கைய காட்டினா ஆகாது, ஆளுங்கள நிக்க வெச்சு காட்டணும். 6 பேருக்கு அப்படி காட்ட முடியும், வயசு 1, 2, 4, 8, 16, 32னு வைங்க. எந்த ரெண்டு குரூப் எடுத்தாலும் அதுல பெரிய ஆள் ஏதோ ஒரு பக்கம் தான் இருப்பார், அவர விட சின்னவங்க எல்லாரையும் இன்னொரு பக்கம் சேர்த்து போட்டாலும் அவர் வயசுக்கு ஒண்ணு குறைச்சலா தான் வரும்.