ஆம்பியர் விதி: வரிச்சுருளிலும் கோஆக்சியல் கேபிளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பியரின் சுற்று விதியைக் கையாளும் விடைகளில் ஒரு வரி திரும்பத் திரும்பத் தென்படும்: "வளையத்துக்குள் மின்னோட்டம் இல்லை, எனவே அங்கே காந்தப்புலம் சுழி." விதி அப்படிச் சொல்லவே இல்லை. மூடிய பாதை ஒன்றில் அடியெடுத்து அடியெடுத்துச் சென்று, ஒவ்வோர் அடியிலும் பாதையின் திசையில் இருக்கும் புலத்தை அந்த அடியின் நீளத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தால், கிடைக்கும் மொத்தம் அந்தப் பாதை சூழ்ந்த மின்னோட்டத்தின் μ₀ மடங்காக இருக்கும். விதி சொல்வது இவ்வளவுதான்.

```
∮ B·dl = μ₀ × (வளையம் சூழ்ந்த மின்னோட்டம்)
```

மொத்தம் சுழி என்பதால் கூட்டிய ஒவ்வொன்றும் சுழி ஆகிவிடாது. ஓரிடத்தில் கூட்டல், இன்னோர் இடத்தில் கழித்தல் என்று அவை ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கலாம். மொத்தத்திலிருந்து ஒரு புள்ளியின் புலத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், விதியைத் தொடும் முன்பே இரண்டு செய்திகள் கையில் இருக்க வேண்டும்: புலம் எந்தத் திசையில் இருக்கிறது, எந்தெந்த இடங்களில் அதன் அளவு சமமாக இருக்கிறது. இரண்டையும் தருவது அமைப்பின் சமச்சீர். வரிச்சுருளிலும் கேபிளிலும் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால் வருபவை.

வரிச்சுருள்

50 செ.மீ. நீளம், 2 செ.மீ. ஆரம், 1000 சுற்றுகள், 2 ஆம்பியர் மின்னோட்டம் கொண்ட ஒரு வரிச்சுருளை எடுத்துக்கொள்வோம். உள்ளே புலம் எவ்வளவு?

வழக்கமாகச் செவ்வக வளையம் ஒன்றை வரைவோம். அதன் ஒரு பக்கம் உள்ளே அச்சுக்கு இணையாக ஓடும், எதிர்ப்பக்கம் வெளியே இருக்கும், மற்ற இரண்டும் சுருளின் சுவரைக் குறுக்கே கடக்கும். உள்பக்கத்தின் நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வளையத்தைத் துளைத்துச் செல்லும் சுற்றுகள் 1000 அல்ல, 200. இங்கேதான் கை தவறுகிறது. இடப்பக்கத்தில் 10 செ.மீ. என்றும் வலப்பக்கத்தில் மொத்தச் சுற்றுகளையும் எழுதிவிட்டால் விடை ஐந்து மடங்காகிவிடும். சரியாகச் செய்தால், சூழ்ந்த மின்னோட்டம் 200 × 2 = 400 ஆம்பியர். அதை μ₀-ஆல் பெருக்கி 0.1 மீட்டரால் வகுத்தால் 5.03 மில்லிடெஸ்லா. μ₀nI என்ற வாய்பாட்டில் n என்பது ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள சுற்றுகள், இங்கே 2000. மொத்தச் சுற்றுகளான N-ஐ அந்த இடத்தில் வைத்துவிட்டோமா என்று பார்க்க அலகே போதும். μ₀NI-இன் அலகு டெஸ்லா அல்ல, டெஸ்லா மீட்டர். கம்பி மூன்று அடுக்காகச் சுற்றப்பட்டிருந்தால் மூன்று அடுக்குகளின் சுற்றுகளையும் சேர்த்தே n கணக்கிட வேண்டும்.

மற்ற மூன்று பக்கங்களும் ஏன் ஒன்றும் தருவதில்லை? இதற்குக் காரணம் எழுதாமலே பலர் கடந்துவிடுகிறார்கள். கணக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். புலத்துக்கு ஆரத் திசையில் வெளிநோக்கிய கூறு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டத்தைத் திருப்பினால் புலம் முழுவதும் திரும்பும், அந்தக் கூறு உள்நோக்கியதாக மாறும். ஆனால் மிக நீண்ட சுருளை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாலும் மின்னோட்டம் திரும்பியதாகத்தான் ஆகும். கவிழ்க்கும்போது வெளிநோக்கிய கூறு வெளிநோக்கியே இருக்கும். ஒரே நிலைக்கு இரண்டு முரணான விடைகள் வர முடியாது. ஆகவே அந்தக் கூறு சுழி, குறுக்கே போகும் பக்கங்கள் எதையும் தருவதில்லை.

வெளிப்பக்கத்துக்கு வேறொரு வளையம் வேண்டும். முழுக்க முழுக்க வெளியே, அச்சுக்கு இணையான இரு பக்கங்களோடு ஒரு செவ்வகம் வரைவோம். சூழ்ந்த மின்னோட்டம் சுழி. இதிலிருந்து வெளிப்புலம் சுழி என்று உடனே முடிவுகட்டுவதுதான் முதலில் சொன்ன தவறு. இதே செவ்வகத்தைச் சுருளின் உள்ளே முழுவதுமாக வைத்தாலும் சூழ்ந்த மின்னோட்டம் சுழிதான், அங்கே 5 மில்லிடெஸ்லா இருக்கிறதே! இந்த வளையம் சொல்வது, அச்சுத்திசைப் புலம் இரு பக்கங்களிலும் சமம் என்பதை மட்டுமே. உள்ளே அதன் பொருள், புலம் அச்சிலும் சுவரோரத்திலும் ஒரே அளவு என்பது. வெளியே அதன் பொருள், எவ்வளவு தொலைவு விலகினாலும் புலம் மாறாது என்பது. நெடுந்தொலைவில் புலம் மறைந்தாக வேண்டும் என்பதைச் சேர்த்தால்தான் வெளியே எங்கும் அது சுழி என்று வரும்.

அப்போதும் சுழி ஆனது அச்சுத்திசைக் கூறு மட்டுமே. சுருளைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். ஒற்றை அடுக்குச் சுருளில் கம்பி சுற்றிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. ஆகவே அந்த வட்டத்தை 2 ஆம்பியர் ஒருமுறை கடந்தே செல்கிறது. நீண்ட நேர்க்கம்பிக்கான μ₀I/2πr-இன்படி, வட்டத்தின் வழியே 13 மைக்ரோடெஸ்லா புலம் இருக்கும். உள்ளே இருப்பதில் அது ஏறத்தாழ 380-இல் ஒரு பங்குதான், ஆனால் சுழி அல்ல. நம் சுருளின் நீளம் முடிவற்றது அல்ல என்பதால், வெளியே அச்சுக்கு இணையாக எதிர்த்திசையிலும் சிறிது புலம் இருக்கும். சுருளின் நடுப்பகுதிக்கு வெளியே, அதே 3 செ.மீ. தொலைவில், அது 16 மைக்ரோடெஸ்லா அளவில் வரும். பாடநூலில் வரும் சுழி, இறுக்கமாகச் சுற்றிய முடிவற்ற சுருளின் சுழி.

"நீண்ட" என்ற சொல்லையும் எண்ணால் சோதிக்கலாம். முடிவுள்ள ஒற்றை அடுக்குச் சுருளின் மையத்தில் புலம் μ₀nI-ஐ L/√(L²+4R²) என்ற காரணியால் பெருக்கினால் கிடைக்கும். நம் சுருளுக்கு இது 0.997, குறை 0.3 சதவீதம்தான். 10 செ.மீ. நீளமும் 4 செ.மீ. ஆரமும் கொண்ட தடித்த சுருளுக்கு அது 0.78 ஆகிவிடுகிறது. அங்கே μ₀nI என்று எழுதினால் உண்மைக்கு மிஞ்சிய விடைதான் வரும். நீண்ட சுருளிலும் முனையின் நடுவே புலம் பாதியாகிவிடும். முனைகளுக்கு அருகே சமச்சீர் உடைந்துவிடுவதால் செவ்வக வளையம் அங்கே உதவாது.

கோஆக்சியல் கேபிள்

நடுவில் 1 மி.மீ. ஆரமுள்ள திண்மக் கம்பி. அதைச் சூழ்ந்து உள் ஆரம் 4 மி.மீ., வெளி ஆரம் 5 மி.மீ. கொண்ட உறை. நடுக்கம்பியில் 10 ஆம்பியர் சென்று, உறை வழியே அதே 10 ஆம்பியர் திரும்பி வருகிறது. மின்னோட்டம் குறுக்குவெட்டில் சீராகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். வட்டச் சமச்சீர் இருப்பதால், அச்சை மையமாகக் கொண்ட வட்டமே நம் வளையம். r ஆரத்தில் B = μ₀ × (சூழ்ந்த மின்னோட்டம்)/2πr. எஞ்சியிருக்கும் ஒரே வேலை, சூழ்ந்த மின்னோட்டத்தைச் சரியாக எண்ணுவது.

நடுக்கம்பிக்குள் 0.5 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தால் பாதி ஆரம், எனவே பாதி மின்னோட்டம் என்று மனம் சொல்லும். பரப்பு ஆரத்தின் இருபடியாக வளர்வதால் உள்ளே இருப்பது கால் பங்கு, 2.5 ஆம்பியர். புலம் 1 மில்லிடெஸ்லா. கம்பியின் விளிம்பில் 2 மில்லிடெஸ்லா. அங்கிருந்து இடைவெளியில் 1/r ஆகக் குறைந்து 2 மி.மீ.-இல் 1, உறையின் உள்விளிம்பில் 0.5 மில்லிடெஸ்லா. இந்த இடைவெளியில் உறையின் மின்னோட்டத்துக்குப் பங்கே இல்லை. எதிர்த்திசையில் ஓடுவதால் அதைக் கழிக்க வேண்டும் என்றோ, இரண்டு புலங்களும் சேரும் என்றோ எழுதுபவர்கள் உண்டு. உறை நம் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதன் மின்னோட்டம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருப்பதால் உள்ளே அதன் புலம் சுழி.

கடினமான பகுதி உறைக்குள் வருகிறது. 4.5 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தால், உறையில் திரும்பி வரும் மின்னோட்டத்தின் ஒரு பங்கு உள்ளே அகப்படுகிறது. அந்தப் பங்கைக் காண 4.5²/5² என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. உறை வளையமாக இருக்கிறது, நடுவில் அது இல்லை. சரியான விகிதம் (4.5² − 4²)/(5² − 4²), அதாவது 4.25/9 அல்லது 0.472. திரும்பும் 4.72 ஆம்பியரை 10-இலிருந்து கழித்தால் 5.28 ஆம்பியர், புலம் 0.235 மில்லிடெஸ்லா. கழிக்க மறந்து கூட்டிவிட்டால் விடை 0.65 மில்லிடெஸ்லா என்று வரும்.

இவ்விரு பிழைகளையும் விடைக்குறிப்பைப் பார்க்காமலே பிடிக்கலாம். தடிமன் உள்ள கடத்திக்குள் நுழையும்போது புலம் திடீரென்று தாவாது. தவறான விகிதத்தில் r = 4 மி.மீ. என்று போட்டால் 10 × (1 − 16/25) = 3.6 ஆம்பியர், புலம் 0.18 மில்லிடெஸ்லா. ஆனால் இடைவெளிப் பக்கத்திலிருந்து வந்தால் அதே இடத்தில் 0.5. இரண்டும் பொருந்தவில்லை என்றால் எங்கோ பரப்பைத் தவறாக எடுத்திருக்கிறோம். குறி தவறியிருந்தால் வெளிவிளிம்பில் பொருந்தாது: r = 5 மி.மீ.-இல் சூழ்ந்த மின்னோட்டம் 20 ஆம்பியர் என்று வரும், வெளியே பார்த்தால் சுழி. ஒவ்வோர் எல்லையிலும் இரு பக்கத்து வாய்பாடுகளிலும் எண்ணை இட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. உறை மிக மெல்லிய தகடு என்று கணக்கு சொன்னால் மட்டும் புலம் தாவும். அந்தத் தாவலின் அளவு, ஒரு மீட்டர் அகலத்தில் ஓடும் மின்னோட்டத்தின் μ₀ மடங்கு. வரிச்சுருளின் சுவரில் புலம் μ₀nI-இலிருந்து சுழிக்கு விழுவதும் இதே காரணத்தால்தான்.

கேபிளுக்கு வெளியே புலம் சுழி என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. திரும்பும் மின்னோட்டம் முழுவதும் உறை வழியே வர வேண்டும். 0.2 ஆம்பியர் வேறு பாதையில், தொலைவாகத் திரும்பினால், அச்சிலிருந்து 2 செ.மீ. தொலைவில் 2 மைக்ரோடெஸ்லா தென்படும். அடுத்து, நடுக்கம்பி உறையின் நட்டநடுவில் இருக்க வேண்டும். அது சற்று விலகியிருந்தால் வெளியே வரையும் எந்த வட்டமும் சூழ்வது இன்னமும் சுழி மின்னோட்டம்தான், கூட்டுத்தொகையும் சுழிதான். ஆனால் புலம் சுழி அல்ல. வட்டத்தின் ஒரு பாதியில் கூட்டலாகவும் மறுபாதியில் கழித்தலாகவும் அது நிற்கிறது.

மின்னோட்டம் சீராகப் பரவியிருக்கிறது என்ற அனுமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது நேர்மின்னோட்டத்துக்கானது. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்புக்கு ஒதுங்கிவிடும். செம்பில் 1 மெகாஹெர்ட்சில் அந்த ஆழம் ஏறத்தாழ 0.066 மி.மீ. மட்டுமே. டிவி சிக்னல் செல்லும் கேபிளில் அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே நடுக்கம்பிக்குள் r-உடன் நேர்விகிதத்தில் வளரும் புலம் என்ற படமே பொருந்தாது. கம்பியின் உட்பகுதியில் புலம் ஏறக்குறைய சுழியாகிவிடும். இடைவெளியில் உள்ள μ₀I/2πr மட்டும் அப்படியே நிற்கும், ஏனெனில் மின்னோட்டம் கம்பியின் நடுவில் ஓடினாலும் ஓரத்தில் ஓடினாலும் வட்டம் சூழ்வது அதே I.