பிழையின்றி வாசிக்கும் பிள்ளையும் டிஸ்லெக்சியாவும்: மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் வாசிப்பை மதிப்பிடப் புதிதாகப் பயிலும் ஆசிரியர்களுடன் கடந்த தவணையில் சில நாட்கள் இருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட பிழைகளையே அவர்களும் அதே நம்பிக்கையோடு விட்டார்கள். பிள்ளையை அதட்டுவது, பசியோடு உட்காரவைத்துச் சோதிப்பது போன்றவற்றை எவரும் சொல்லாமலே அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சரி, பிழையை மட்டும் எண்ணுதல்

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சலூட்டுவது, அதை நானே செய்தேன் என்பதால்தான்.

தரம் 3இல் படித்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய் அழைத்து வந்தார். நான் 40 சொற்கள் கொண்ட தாளைக் கொடுத்தேன். அவள் 38 சொற்களைச் சரியாக வாசித்தாள். ஆங்கிலப் பிள்ளைகளைக் கருதி எழுதப்பட்ட நூல்களில் பயின்றிருந்த நான், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருந்தால் சொற்கள் பிழையாகத்தான் வரவேண்டும் என்று எண்ணி, "வாசிப்பில் குறைபாடு இல்லை, கவனம் போதாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாய் வாசலில் நின்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை: "எல்லாத்தையும் சரியாத்தான் வாசிக்கிறா ரீச்சர். ஆனா முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சுப்போடும்."

இரண்டு ஆண்டுகள் கழித்து, புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன், அதே பிள்ளை மீண்டும் வந்தாள். அதற்குள் சோம்பேறி என்ற பெயரும் மூன்று ரியூசன் வகுப்புகளும் சேர்ந்திருந்தன. இம்முறை நிறுத்தற்கடிகாரத்தை எடுத்தேன். 40 சொற்களில் 39 சரியாக வந்தன. ஆனால் அதற்கு 1 நிமிடம் 50 செக்கன் பிடித்தது. அவளுடைய வகுப்பிலேயே பத்துப் பிள்ளைகளுக்கு அதே தாளைக் கொடுத்துப் பார்த்தபோது, மிக மெதுவாக வாசித்தவருக்கே 55 செக்கன்தான் தேவைப்பட்டது. பிறகு 'மலுதி', 'கடோமை', 'தொவிணம்' போன்ற பொருளற்ற 20 சொற்களைக் கொடுத்தேன். முன்பு கண்ட சொல்லின் நினைவோ பொருளோ இங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்கி இணைத்தே ஆகவேண்டும். வகுப்புப் பிள்ளைகள் 40 செக்கனுக்குள் முடித்த அந்தத் தாள் அவளிடம் 1 நிமிடம் 35 செக்கன் எடுத்தது.

இதன் காரணம் தமிழ் எழுத்துமுறையில் இருக்கிறது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. ககரம் சொல்லின் முதலில் ஒருவகையாகவும், 'அங்கே' என்பதில் வேறுவகையாகவும் ஒலித்தாலும், அந்த வேறுபாட்டை இடமே சொல்லிவிடும். ஆகவே பேச்சொலிகளைப் பிரித்துக் கையாள்வதில் குறையுள்ள பிள்ளையும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசியில் சரியான சொல்லை அடைந்துவிடும். குறை பிழையாக வெளிவராமல் நேரமாக வெளிவருகிறது. டிஸ்லெக்சியா உள்ள ஜேர்மன் மொழிப் பிள்ளைகளிடம் இதையே 1993இல் ஹைன்ஸ் விம்மர் காட்டியிருந்தார்; அவர்கள் பெரும்பாலும் சரியாகவும் மிக மெதுவாகவும் வாசித்தார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன்; தமிழோடு பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. இரண்டு மூன்று எழுத்துச் சொற்களையும் நீண்ட சொற்களையும் தனித்தனியே நேரம் குறித்து வாசிக்க வையுங்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பதில் 18 எழுத்துகள் உள்ளன. பழகிய வாசகர் அதைச் சில துண்டுகளாகக் கண்டு கடந்துவிடுவார். எழுத்தெழுத்தாகக் கூட்டுபவருக்கோ ஒவ்வோர் எழுத்தும் நேரத்தைக் கூட்டும்; சொல் நீள நீள இடைவெளி பெருத்துக்கொண்டே போகும்.

வாசிப்பு மெதுவாக இருப்பது தனியே டிஸ்லெக்சியாவுக்குச் சான்றாகாது. பாடசாலைக்கு ஒழுங்காக வராத பிள்ளையும் மெதுவாக வாசிக்கும். அதனால் தாளை எடுத்துவிட்டு ஒலிகளை மட்டும் கொண்டும் சோதிக்க வேண்டும். அந்தச் சிறுமி நான்கைந்து எழுத்துப் பொருளற்ற சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும், வரிசையாக வரைந்திருந்த பழகிய பொருட்களின் பெயரை விரைந்து சொல்வதிலும் தடுமாறினாள். பிள்ளைகள் 'அம்மா'வைக் 'கஅகம்கமா' ஆக்கிப் பேசும் 'க' பாஷை விளையாட்டில் அவள் ஒருநாளும் சேர்ந்ததில்லை என்று தாய் சொன்னார். அது சோதனை ஆகாது, ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

மூளைப் படங்களும் இந்தப் பக்கமே நிற்கின்றன. எராள்டோ பவுலேசுவும் குழுவினரும் 2001இல் இத்தாலி, பிரான்சு, பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர்களை, மூளையின் எப்பகுதி இயங்குகிறது என்று காட்டும் பெட் ஸ்கான் மூலம் ஆராய்ந்தனர். எழுத்தும் ஒலியும் நன்கு ஒத்துப்போகும் இத்தாலிய மொழியில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மற்ற இரு நாட்டவரையும்விடப் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆயினும் தம் நாட்டு ஏனைய மாணவர்களோடு ஒப்பிட்டால் அவர்களும் மெதுவாகவே வாசித்தார்கள், ஒலிசார் பணிகளிலும் பின்தங்கினார்கள். வாசிக்கும்போது இடது மூளையின் பொட்டுப் பகுதியில் இயக்கம் குறைந்திருந்ததும் மூன்று நாட்டவரிடமும் ஒன்றாகவே இருந்தது. பிழை எத்தனை என்பதை எழுத்துமுறை தீர்மானிக்கிறது. அடியிலுள்ள குறை மாறுவதில்லை.

'மரம்' சோதனையில் ஏமாறுதல்

'மரம்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டுச் சொல் என்றால், எதிர்பார்க்கும் விடை 'அரம்'. நம் பிள்ளைகளில் பலர் 'ரம்' என்பார்கள். இதைக் குறைபாடென்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கற்ற பிள்ளைக்கு 'ம'தான் முதல் அலகு. மெய்யையும் உயிரையும் பிரித்துக் கேட்கும் திறன் பின்னரே வரும். கன்னடப் பிள்ளைகளிடமும் இத்திறன் தாமதமாகவே வளர்வதை 2007இல் சொனாலி நாக் காட்டினார். முதலில் எழுத்தளவில் கேளுங்கள். 'கதவு' என்பதில் நடு எழுத்தை விட்டுச் சொல்வதற்கே ஒன்பது வயதுப் பிள்ளை திணறினால் அப்போது கவலைப்படலாம்.

காது கேட்கவில்லை என்று முடிவுசெய்தல்

செவிப்புலனைச் சோதியுங்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். 2013இல் பார்ட் பூட்ஸ் குழுவினர் டிஸ்லெக்சியா உள்ள வளர்ந்தவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, பேச்சொலிகளின் பதிவு சிதையாமல் இருந்தது. அந்தப் பதிவை நெற்றிப் பகுதி அணுகும் இணைப்பே நலிந்திருந்தது.

எழுத்தை இடம்வலமாகத் திருப்பி எழுதுவதை அறிகுறியாகக் கொள்ளுதல்

எழுதப் பழகும் சிறுவர் பலரும் அப்படி எழுதுவார்கள்.

ஸ்கானை நம்புதல்

ஒரு தந்தை எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு வந்தார். "மூளை நோர்மல் எண்டு போட்டிருக்கு, அப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். மருத்துவமனை ஸ்கானைப் படிப்பவர் கட்டியையும் காயத்தையும் தேடுகிறார். டிஸ்லெக்சியா ஆய்வுகள் சொல்லும் வேறுபாடு, ஒரு குழுவின் சராசரிக்கும் இன்னொரு குழுவின் சராசரிக்கும் இடையிலானது. இரு குழுக்களிலும் உள்ளவர்கள் பெருமளவு கலந்தே கிடப்பதால், ஒரு பிள்ளையின் படத்தைத் தனியே பார்த்து எந்தக் குழு என்று சொல்ல முடியாது.

இதைவிட நுட்பமான பிழை, படத்தில் தெரியும் வேறுபாடு எல்லாவற்றையும் காரணமாக எண்ணுவது. குறைவாக வாசிக்கும் மூளை, வாசிப்பு தரும் பயிற்சியையும் குறைவாகவே பெறுகிறது. ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழு 2014இல் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை ஒத்த வயதினருடன் ஒப்பிட்டபோது மூளையின் சாம்பல் நிறப் பொருள் பல இடங்களில் குறைந்து தெரிந்தது. அவர்களைப் போலவே வாசிக்கும் இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டதும் அவ்வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இனி யாராவது வண்ண மூளைப் படமொன்றைக் காட்டினால், ஒப்பிடப்பட்டவர்கள் ஒத்த வயதினரா, ஒத்த வாசிப்பு நிலையினரா என்று முதலில் கேளுங்கள்.

அந்தத் தந்தையின் மகனுக்கும் அன்று நேரம் குறித்தே வாசிக்கக் கொடுத்தேன். சொற்தாளில் பிழை இரண்டு. எடுத்த நேரம் 2 நிமிடத்தைத் தாண்டியது.