ஜிம் ட்ரெய்னர், விளையாட்டுக் கோச் ரெஸ்யூம்: ஊரில் செய்ததை இங்கே புரியும்படி எழுதுவது எப்படி

ஊரில் உங்கள் பள்ளி அணியின் பெயரைச் சொன்னால் போதும், எவ்வளவு பெரிய அணி என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். இங்கே வெளிநாட்டில் ரெஸ்யூமைப் படிக்கும் ஜிம் மேனேஜருக்கும் கிளப் செயலாளருக்கும் அந்தப் பள்ளியும் தெரியாது, அந்தப் போட்டியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியும் தன் அளவைத் தானே சொல்ல வேண்டும். ட்ரெய்னர், கோச் வேலைக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் நம்மவர்களின் ரெஸ்யூமில் பெரும்பாலும் இதுதான் விடுபடுகிறது.

சான்றிதழில் தொடங்குவோம். ஜிம்களில் முதலில் பார்ப்பது அதைத்தான். தகுதி இல்லாதவரைப் பயிற்சி தர விட்டால் ஜிம்முக்கு இன்சூரன்ஸ் சிக்கல் வரும். பெயர், வழங்கிய அமைப்பு, நிலை, பெற்ற மாதம், காலாவதி ஆகும் மாதம் என ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். காலாவதித் தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க ட்ரெய்னர் சான்றிதழ்களான ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். இரண்டையும் 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் காலாவதி ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழைத் தனி வரியில் கொடுங்கள். பொம்மையில் அழுத்திப் பழகிய நேரடிப் பயிற்சியா, ஆன்லைனில் மட்டும் முடித்ததா என்பதையும் குறிப்பிடுங்கள். ஆன்லைன் மட்டும் என்றால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ வைத்திருப்பவர்கள் அதை வெறும் மூன்றெழுத்தாக எழுதக் கூடாது. இந்திய அரசின் விளையாட்டு ஆணையத்தின் கீழ் உள்ள பயிற்றுநர் நிறுவனம், எந்த விளையாட்டில் டிப்ளமோ, எத்தனை மாதம் படித்தீர்கள் என்று கூடவே ஒரு வரி சேருங்கள். அப்புறம், வந்து சேர்ந்த நாட்டின் தகுதியில் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிரிட்டனில் லெவல் 2 ஜிம் இன்ஸ்ட்ரக்டர், லெவல் 3 பெர்சனல் ட்ரெய்னர் என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் சர்டிஃபிகேட் 3, 4. கனடாவில் விளையாட்டுக் கோச் என்றால் தேசியக் கோச் பயிற்சித் திட்டமான என்.சி.சி.பி.யைக் கேட்பார்கள். இன்னும் படித்துக்கொண்டிருந்தால் தேர்வு மாதத்தோடு ‘படிப்பில்’ என்றே போடுங்கள். முடித்ததாக எழுதி, சான்றிதழ் எண் கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

அடுத்தது அணிச் சாதனை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கைப்பந்துக் கோச். மாலையில் ஜிம்மிலும் வேலை பார்த்தவர். அவர் ரெஸ்யூமில் முதலில் இருந்தது இவ்வளவுதான்: ‘பல பரிசுகள் வென்ற அணியின் பயிற்சியாளர், மாவட்ட சாம்பியன்.’ படிப்பவருக்கு இதில் பிடிமானம் எதுவும் இல்லை. மாவட்டம் என்றால் 4 அணியா, 40 அணியா? அவர் தலைமைப் பயிற்சியாளரா, உதவியாளரா? ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த அணியை வாங்கிக்கொண்டாரா?

உட்கார்ந்து கேட்கக் கேட்க விவரம் வந்தது. கடைசியில் அந்த வரி இப்படி ஆனது:

‘பள்ளிக் கைப்பந்து அணி, பெண்கள், 14 முதல் 16 வயது, 18 பேர். தலைமைப் பயிற்சியாளர், 2022 முதல் 2025 வரை. வாரம் 4 பயிற்சி. 26 பள்ளிகள் மோதும் மாவட்டப் போட்டியில் 2022இல் முதல் சுற்றில் தோல்வி, 2023இல் அரையிறுதி, 2024இல் முதலிடம்.’

முதல் சுற்றில் தோற்றதைச் சேர்க்க அவர் தயங்கினார். நான் விடவில்லை. அந்தத் தோல்வி இருந்தால்தான் மூன்று வருடத்தில் அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். சாம்பியன் பட்டத்தை மட்டும் போட்டால், நல்ல பிள்ளைகள் அமைந்த ஒரு வருடம் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

அந்த வரியில் வயதை நேராகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘16 வயதுக்குட்பட்டோர்’ என்று எழுதினால் எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிட்டீர்கள் என்பது நாட்டுக்கு நாடு, விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். 14 முதல் 16 என்றால் குழப்பம் இல்லை. சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால் அதைத் தனியாகப் பிரியுங்கள்: ‘8 முதல் 10 வயது, ஒரு வகுப்புக்கு 12 பிள்ளைகள், 2 பயிற்சியாளர்கள்.’ அந்த வயதுக்கு வெற்றிக் கணக்கு வேண்டாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அடுத்த வருடமும் வந்தார்கள் என்பதுதான் அங்கே பேசும். ஐந்திலிருந்து ஐம்பது வரை எல்லாருக்கும் பயிற்சி அளித்தேன் என்ற வரியை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பிள்ளைகளோடு வேலை என்றால் பின்னணிச் சோதனை உண்டு. பிரிட்டனில் டி.பி.எஸ்.; ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி அனுமதி; கனடாவில் வல்னரபிள் செக்டர் செக். டி.பி.எஸ். சோதனையில் பொதுவாக வெளிநாட்டுப் பதிவுகள் வராது. அதனால் முன்பு இருந்த நாட்டின் போலீஸ் சான்றிதழையும் கேட்கலாம். இன்னும் கிளம்பவில்லை என்றால் அதை வாங்கிக்கொண்டே வாருங்கள். வந்த பிறகு வாங்குவது அலைச்சல். கையில் இருந்தால் ரெஸ்யூமில் ஒரு வரி போடுங்கள்.

இனி ஜிம் வாடிக்கையாளர்கள். ‘50 பேருக்கு 10 கிலோ குறைத்தேன்’ என்று எழுதினால் அனுபவசாலி மேனேஜர் நம்ப மாட்டார். எத்தனை பேரில் 50 பேர், எத்தனை மாதத்தில், எப்படி அளந்தீர்கள் என்ற கேள்விகள் உடனே வரும். தம்பி மாலைக் குழு ஒன்றுக்கு முதல் வாரமும் கடைசி வாரமும் அளவு குறித்து வைத்திருந்தார். அதை இப்படி எழுதினோம்: ‘55 முதல் 68 வயது, 9 பேர், 12 வாரம், வாரம் 2 வகுப்பு. 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் சோதனையில் சராசரி 10இலிருந்து 14. ஒருவர் இடையில் நின்றார். சராசரி மீதி 8 பேருடையது.’ அந்த 30 விநாடிச் சோதனை துறையில் எல்லாருக்கும் தெரிந்தது, வேறு விளக்கம் தேவையில்லை. நின்றுபோனவரைச் சொன்னதால் மற்ற எண்களும் நம்பும்படி ஆயின.

எடைக் கணக்கைவிட ஜிம் நடத்துபவர் ஆசையாகப் பார்ப்பது இன்னொன்று: உங்களிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்தார்கள். ‘24 பேரில் 17 பேர் 6 மாதத்துக்குப் பின்னும் புதுப்பித்தார்கள்’ என்பது அவருக்கு நேரடி வருமானம். கணக்கு வைக்கவில்லையா? பழைய ஜிம்மின் ரசீதுப் புத்தகத்தையோ வருகைப் பதிவையோ கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எண் போடாமல் எழுதுங்கள், குத்துமதிப்பாகப் போட வேண்டாம்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்தினேன், முதுகுவலியைச் சரிசெய்தேன் என்ற வரிகள் வேலையையே கெடுக்கும். நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் ட்ரெய்னரின் எல்லைக்குள் வராது. அந்த எல்லை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். ‘மருத்துவரின் அனுமதியோடு வந்த சர்க்கரை நோயாளிகளுக்கு நடை, எடைப் பயிற்சி நடத்தினேன்’ என்றால் சரி. வாடிக்கையாளரின் பெயர், முன்-பின் படங்கள் எதுவும் வேண்டாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் உங்கள் போட்டோவும் பிறந்த தேதியும்கூடத் தேவையில்லை.

பரிந்துரை சொல்பவர் விஷயத்தில் ஒன்று. தலைமையாசிரியரின் போன் எண்ணை மட்டும் கொடுத்தால், நேர வித்தியாசத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். நீங்கள் எழுதிய வரிகளை அவருக்கும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். 26 பள்ளிகள் என்று நீங்களும் 20 என்று அவரும் சொன்னால், மற்ற எண்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.