தைலத்தைக் குடிக்கச் சொன்ன செய்தி

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது: சளிக்கு நீலகிரித் தைலத்தை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குழந்தைக்குக் கொடுக்கவும். அனுப்பியவர் பெரிய அத்தை. தைலம் நம் ஊர்ச் சரக்கு என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நான் முதலில் அலமாரியிலிருந்த புட்டியை எடுத்துப் பார்த்தேன். ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தது. செய்தியிலோ வயதும் இல்லை, தேதியும் இல்லை. அடுத்து, தைலத்தின் பெயரோடு ‘குழந்தை, விஷம்’ என்று சேர்த்துத் தேடினேன். நன்மையை மட்டும் தேடினால் நன்மைதான் வரும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார்.

குழுவில் திருத்தினால் அத்தைக்கு முகம் வாடிவிடும். தனியாக எழுதினேன்:

“அத்தை, பிள்ளைகள் மேல் அக்கறையோடு அனுப்பினீர்கள். இந்தத் தைலம் உள்ளே போனால் வலிப்பு வரலாமாம், புட்டியிலும் வெளிப்பூச்சுக்கு என்றுதான் இருக்கிறது. நீங்களே குழுவில் ஒரு வரி சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.”

‘பொய்’, ‘வதந்தி’ என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஆனால் அதற்குள் யாராவது கொடுத்துவிட்டால்? அத்தையின் பதிலுக்குக் காத்திருக்காமல், அவர் பெயரைச் சொல்லாமல் குழுவில் எழுதினேன்: “நீலகிரித் தைலத்தைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.”