ஒரே போனில் ஊர் சிம்மும் புது சிம்மும்: டேட்டா எதில், அழைப்பு எதில்?

வங்கி ஓடிபி வருவதற்காக ஊர் சிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, வந்த நாட்டில் வாங்கிய புது சிம்மையும் அதே போனில் போட்டுக்கொள்வதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த சிம்மைப் பயன்படுத்தினால் பில் எகிறும் என்று போனுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

முதலில் இரண்டு சிம்முக்கும் பெயர் வையுங்கள். SIM 1, SIM 2 என்றோ Primary, Secondary என்றோ விட்டுவைத்தால், அவசரத்தில் எது எதுவென்று புரியாது. "ஊர்", "இங்கே" என்று வைத்தாலே போதும். சாம்சங் போனில் Settings, Connections, SIM manager என்று போக வேண்டும். பிக்சலில் Network & internet, SIMs. ஐபோனில் Cellular, சில அமைப்புகளில் அதற்கே Mobile Service என்று பெயர் இருக்கும்.

அதே இடத்தில் மொபைல் டேட்டாவுக்கு "இங்கே" சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சிம் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் டேட்டா ஓடும். இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் சிக்கல் இதற்குப் பிறகுதான்.

ஒருவர் விமானத்திலிருந்து இறங்கியதும், வீட்டுக்குச் செய்தி அனுப்ப ஊர் சிம்மில் Data Roaming-ஐ ஆன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் புது சிம் வாங்கி, டேட்டாவை அதற்கு மாற்றுகிறார். பழைய சிம்மின் ரோமிங் ஆனிலேயே இருக்கிறது. போனில் Allow Cellular Data Switching என்ற வசதியும் ஆனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இது Auto data switching போன்ற பெயரில் இருக்கும். சுரங்க ரயில் நிலையத்தில் புது சிம்முக்கு சிக்னல் இல்லாமல் போகிறது. ஊர் சிம் அங்கே வேறொரு நெட்வொர்க்கில் இணைந்திருப்பதால் அதற்குச் சிக்னல் இருக்கிறது. போன் கேட்காமலேயே டேட்டாவை அதற்கு மாற்றிவிடும். அந்த நேரம் பார்த்து புகைப்படங்கள் பேக்கப் ஆகத் தொடங்கினால், அத்தனையும் ரோமிங் கணக்கில்தான் சேரும். அமைப்பில் டேட்டாவுக்கு "இங்கே" என்றுதான் காட்டும், அதனால் சந்தேகமே வராது.

எனவே இரண்டையும் அணையுங்கள்: தானாக மாறும் வசதியையும், ஊர் சிம்மின் Data Roaming-ஐயும். ஒன்றுதான் முடியும் என்றால் ரோமிங்கை அணைப்பதே முக்கியம், ஏனென்றால் அது மூடியிருந்தால் போன் மாற முயன்றாலும் அந்த சிம்மில் டேட்டா ஓடாது. ஒரு சின்ன விலை உண்டு: ஊர் சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது புது சிம்மின் இணையம் நின்றுபோகலாம். அழைப்பு முடிந்ததும் வந்துவிடும்.

ரோமிங்கை அணைத்தால் ஓடிபி வராதோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வரும். சாதாரண எஸ்எம்எஸ் டேட்டா வழியாக வருவதில்லை. ஆனால் அந்த சிம் ஆனில் இருக்க வேண்டும், வெளிநாட்டில் நெட்வொர்க்கில் இணைவதற்கான ரோமிங் சேவையும் ஊர் நிறுவனத்தின் பக்கம் செயல்பாட்டில் இருக்க வேண்டும். போனில் உள்ள Data Roaming பொத்தான் வேறு, இந்தச் சேவை வேறு. முடிந்தால் கிளம்பும் முன்பே இந்தச் சேவையைச் செயல்பட வைத்துவிடுவது நல்லது.

அடுத்து அழைப்புகள். இயல்பான அழைப்பு சிம்மாக "இங்கே"யை வையுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும் தேர்வும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, அவசரத்தில் விரல் தவறான பெயரில் பட்டுவிடும். இயல்பாக ஒன்றை வைத்த பிறகும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. ஐபோன், ஒருவரை முன்பு எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்களோ அதையே நினைவில் வைத்து மறுபடி பயன்படுத்தும். அப்படி அம்மாவை ஊர் சிம்மிலிருந்து ஒருமுறை அழைத்திருந்தால், அடுத்த அழைப்பும் அதிலிருந்தே போகும். அவருடைய தொடர்புப் பக்கத்தில் எந்த எண் என்பதை மாற்றிவிடலாம். எந்தப் போனாக இருந்தாலும், அழைப்புப் பட்டியலிலிருந்து திருப்பி அழைக்கும்போது எந்த சிம் என்று ஒரு கண் பார்ப்பது நல்லது. ஊர் சிம்முக்கு வரும் அழைப்பை எடுத்தாலே கட்டணம் விழும் திட்டங்களும் உண்டு. எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பி அழைக்கச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இருந்தாலும் புது சிம்மின் டேட்டாவில் நன்றாகவே ஓடும்.

அப்புறம், தொடர்புகளில் உள்ள ஊர் எண்களை + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமியுங்கள். இல்லையென்றால் புது சிம் அவற்றை உள்ளூர் எண்களாகவே எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியா என்று பார்க்க, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு காணொளியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பிறகு டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு சிம்முக்குமான எண்ணிக்கையைப் பாருங்கள். "இங்கே"யில் மட்டும்தான் ஏறியிருக்க வேண்டும். சிம்மைக் கழற்றி மாட்டினாலோ, புது இ-சிம் சேர்த்தாலோ போன் இந்தத் தேர்வுகளை மீண்டும் கேட்கலாம். அப்போதும் இதே சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.