கரோசல் தேடலில் வராமல் போவது ஏன்? கேப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணி பிளான்ட் இலை ஏன் மஞ்சளாகிறது என்று விளக்கும், இன்ஸ்டாகிராமில் ஸ்வைப் செய்து பார்க்கும் ஏழு ஸ்லைடு கரோசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் தலைப்பு, அடுத்தடுத்த ஸ்லைடுகளில் காரணங்கள், கடைசியில் தீர்வு. உழைப்பு எல்லாம் படங்களுக்குள் போய்விட்டது. கேப்ஷனில் இருப்பது இவ்வளவுதான்:

"இலைகளும் பேசும் 🌿 ஸ்வைப் பண்ணிப் பாருங்க, சேவ் பண்ணிக்கோங்க! #love #nature #green #plants #மணி பிளான்ட்"

இன்ஸ்டாகிராமில் கரோசல் போடுபவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. ரீல்ஸில் பேச்சு இருக்கும், ஒற்றைப் படத்துக்கு நீண்ட குறிப்பு எழுதுவோம். கரோசலில் மட்டும் எல்லாவற்றையும் ஸ்லைடிலேயே சொல்லிவிட்டதாக நினைத்து, கேப்ஷனை ஓர் அழைப்பு வரியோடு முடித்துவிடுகிறோம். தேடல் எப்படி வேலை செய்கிறது என்று 2021-இல் இன்ஸ்டாகிராம் வெளியிட்ட விளக்கம், தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லுக்குத்தான் முதலிடம் தந்தது. அந்தச் சொல் கணக்கின் பெயர், சுயவிவரம், கேப்ஷன், ஹேஷ்டேக், இடம் ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகிறது. மேலே உள்ள கேப்ஷனில் 'மஞ்சள்' என்ற சொல்லே இல்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் செயலி எவ்வளவு படிக்கும் என்பது நம் கையில் இல்லை. அதிலும் அலங்கார எழுத்துருவில் தமிழை எழுதியிருந்தால் அதை நம்பவே வேண்டாம். முதல் ஸ்லைடின் தலைப்பை அப்படியே கேப்ஷனின் முதல் வரியாக எழுதுங்கள். ஃபீடில் ஓரிரு வரிதான் தெரியும், மீதி மடிந்துவிடும். தேடி வந்தவருக்குத் தான் கேட்டது இங்கே இருக்கிறது என்று அந்த ஒரு வரியிலேயே தெரிய வேண்டும்.

எந்தச் சொல்லை எழுதுவது என்பதில்தான் தமிழில் எழுதுபவர்களுக்குத் தனிச் சிக்கல். நம் சொற்கள் விகுதியும் உருபும் சேர்ந்து உருமாறிவிடும். 'இலை' என்று தேடுபவர் ஒருவர். நாம் எழுதியிருப்பதோ 'இலைகளிலிருந்து'. 'மஞ்சள்' என்று தேடுவார்கள், கேப்ஷனில் 'மஞ்சளடைவதற்கான' என்று நிற்கும். இரண்டும் ஒன்றுதான் என்று தேடல் புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுத வேண்டாம். முக்கியமான சொல் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது உருபு ஏறாத வடிவில் வரட்டும். 'மணி பிளான்ட் இலை மஞ்சள் ஆவது ஏன்?' என்ற வரி அழகில் சற்றுக் குறைவுதான். ஆனால் ஆள் தட்டச்சு செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

எழுத்துக்கூட்டல் அடுத்தது. 'பிளான்ட்', 'பிளாண்ட்' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. தமிழில் படிப்பவர்களில் பலர் தேடும்போது ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்காக எல்லா வடிவங்களையும் காற்புள்ளி போட்டு அடுக்குவது இன்னொரு தவறு: படிப்பவருக்கு அது குப்பையாகத் தெரியும், ஸ்பேம் போலவும் இருக்கும். தமிழில் ஒரு வடிவம், ஆங்கில எழுத்தில் ஒரு வடிவம், இரண்டும் வாக்கியத்துக்குள் இயல்பாக வந்தால் போதும். எது அதிகம் புழங்குகிறது என்று தெரிய, தேடல் பெட்டியில் சொல்லின் பாதியைத் தட்டி நிறுத்துங்கள். கீழே வரும் பரிந்துரைகளைப் பாருங்கள். கேப்ஷன் எழுதும் முன் இதைச் செய்ய வேண்டும். எழுதி முடித்தபின் செய்தால் மாற்ற மனம் வராது.

கரோசலுக்கே உரிய ஒரு தடுமாற்றமும் உண்டு. ஏழு ஸ்லைடில் தண்ணீர், வெளிச்சம், உரம், தொட்டி என நான்கைந்து விஷயம் இருக்கும். எல்லாவற்றுக்கும் சமமாகக் கீவேர்ட் போட்டால் பதிவு எந்தக் கேள்விக்கும் நேரான பதிலாக நிற்காது. கேள்வி ஒன்று, அது முதல் வரியில். மற்ற ஸ்லைடுகளின் சொற்கள் பின்வரும் வாக்கியங்களில் காரணங்களாக வரட்டும். நம் கரோசலுக்குத் திருத்திய கேப்ஷன் இது:

"மணி பிளான்ட் இலை மஞ்சள் ஆவது ஏன்? பெரும்பாலும் காரணம் அதிகத் தண்ணீர். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைத்திருந்தாலும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் இலை பழுக்கும். Money plant yellow leaves-ஐச் சரிசெய்யும் முறை 7-வது ஸ்லைடில்.
#மணிபிளான்ட் #moneyplant #moneyplantcare #வீட்டுச்செடிகள்"

கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் உண்டு. இதற்கு அதில் சிறு பகுதியே போதுமானதாக இருக்கிறது.

இனி ஹேஷ்டேக். பழைய கேப்ஷனில் இருந்த #love, #nature ஆகியவற்றில் கோடிக்கணக்கான பதிவுகள் குவிந்திருக்கின்றன. அங்கே போய் மணி பிளான்டுக்கு மருந்து தேடுபவர் யாருமில்லை. அதைவிட, அவை இந்தப் பதிவு எதைப் பற்றியது என்று எதையும் சொல்வதில்லை. ஹேஷ்டேக்கைப் பதிவின் வகையைக் காட்டும் சீட்டாக மட்டும் பாருங்கள். அதனால் ரீச் எகிறும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடலாம். ஒரு பதிவுக்கு 3 முதல் 5 போதும் என்பது 2021-இலேயே இன்ஸ்டாகிராம் தந்த அறிவுரை. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியும் 2024 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கேப்ஷனின் கடைசி ஹேஷ்டேக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: #மணி பிளான்ட். இடைவெளி வந்த இடத்தில் ஹேஷ்டேக் முடிந்துவிடும். ஆக, பதிவு போய்ச் சேர்ந்த இடம் #மணி. அங்கே மணி என்ற பெயருடையவர்கள் இருப்பார்கள், கோயில் மணி இருக்கும். செடி வளர்ப்பவர் இருக்க மாட்டார். சிறுகோடு போட்டாலும் இதே கதைதான். சொற்களைச் சேர்த்து எழுதுங்கள், பிரித்துக் காட்டத்தான் வேண்டும் என்றால் அடிக்கோடு போடுங்கள். பதிவிட்டதும் கேப்ஷனைத் திறந்து, ஹேஷ்டேக் முழுவதும் இணைப்பின் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று கடைசி எழுத்து வரை பாருங்கள். பாதியில் நிறம் நின்றால் அந்த இடத்தில் அது உடைந்திருக்கிறது.

கேப்ஷன் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஹேஷ்டேக்குகளை முதல் கமெண்டில் ஒளிப்பவர்களும் இருக்கிறார்கள். தேடலில் கிடைக்க வேண்டுமென்றால் கீவேர்டும் ஹேஷ்டேக்கும் கேப்ஷனில்தான் இருக்க வேண்டும், கமெண்டில் அல்ல என்று இன்ஸ்டாகிராமின் அதே விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. அலங்கார ஆங்கில எழுத்துகளை உருவாக்கித் தரும் தளங்களிலிருந்து தலைப்பை ஒட்டுவதும் வேண்டாம். 𝓶𝓸𝓷𝓮𝔂 என்பது கண்ணுக்குத்தான் money. யூனிகோடில் அவை வேறு குறியீடுகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களும் அவற்றில் தடுமாறும்.

ஏற்கெனவே போட்ட கரோசலை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை. Edit மூலம் கேப்ஷனைத் திருத்தலாம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாக alt text எழுதலாம். அதில் கீவேர்டை அடைக்காமல், 'மஞ்சளான மணி பிளான்ட் இலையும் ஈரமான மண்ணும்' என்று படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். சில நாள் விட்டு, உங்களைப் பின்தொடராத ஒருவரின் போனில் 'மணி பிளான்ட் இலை மஞ்சள்' என்று தேடச் சொல்லுங்கள். உங்கள் போனில் தேடினால் சொந்தப் பதிவுகள் முன்னால் வந்து ஏமாற்றக்கூடும். அங்கே வரவில்லை என்றால், முன்னால் நிற்கும் பதிவுகளின் முதல் வரியைப் படித்து, உங்கள் வரியில் இல்லாத சொல் எது என்று பாருங்கள்.