கடன் திரும்பியது, யூனிட் திரும்பவில்லை

கிள்ளானில் இருக்கும் மச்சானுக்கு லாரி எஞ்சின் செலவுக்காக, என் அமானா சஹாம் மலேசியா யூனிட் டிரஸ்ட் முதலீட்டுக் கணக்கிலிருந்து 8,000 ரிங்கிட் எடுத்துக் கொடுத்தேன். அவரும் முடிந்தபோதெல்லாம் தந்தார். ஆனால் திரும்ப முதலீடு செய்யப் போனால் யூனிட் இல்லை. மலாய்க்காரர், பூர்வகுடியினர் ஆகிய பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், யாராவது விற்றால்தான் நமக்குக் கிடைக்கும். வங்கிக் கவுண்டரில் கேட்டேன், செயலியில் பெரிய தொகை போட்டுப் பார்த்தேன், பலனில்லை. 300, 500 என்று போட்டபோதுதான் அவ்வப்போது கிடைத்தது.

பலர் கவனிக்காத விஷயம், லாப ஈவு மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் எதுவும் இல்லை.

அதனால் மச்சானும் தங்கையும் நானும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம்: மீதி 6,000 ரிங்கிட்டுக்கு மாதம் 500, ஒவ்வொரு 25ஆம் தேதியும் வங்கியே தானாக அனுப்பும், முடியாத மாதம் முன்கூட்டியே சொன்னால் தவணை கடைசிக்குத் தள்ளிப்போகும். வட்டி இல்லை, ஏனென்றால் வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடனை வைத்தே, உரிமம் இல்லாமல் வட்டித்தொழில் செய்வதாக இங்கே சட்டம் அனுமானிக்கும். 25ஆம் தேதி வந்தால் மாத முடிவுக்குள் யூனிட் தேட எனக்கு நாள் இருக்கும். கேட்கவேண்டிய சங்கடம் போய்விட்டது, அப்பாடா! இனி உறவுக்குக் கொடுப்பது வைப்புத்தொகையிலிருந்துதான்.